றஸாக்கிடம் கொடுத்த கடிதம்

வலயக் கல்வி அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷமாகக் கிளாக்காக இருக்கும் நளீம், அடுத்தவர் கடிதத்தில் பிழை பிடிப்பதில் சூரன். திகதி போடாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புவார். அதிபரின் கையொப்பத்துக்குக் கீழே முத்திரை சற்று மங்கியிருந்தால் போதும், ஆசிரியை பொத்துவிலிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாலும் சரி, இன்னொரு முறை வரவேண்டியதுதான். வாயால் சொன்னதெல்லாம் காற்றோடு போய்விடும் என்று முகத்துக்கு நேரே சொல்லுவார். அப்படிப்பட்ட மனிதர், தன் ஆயுளிலேயே முக்கியமான ஒரு கடிதத்தை எழுதி, உறையில் போட்டு, ஒட்டி, அது யாருடைய கைக்குப் போகக்கூடாதோ அவனுடைய கையிலேயே கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றார்.

அந்தக் கெட்டித்தனத்துக்குப் பதில் இரண்டு வருஷம் கழித்து, ஜனவரி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதிவுத்தபாலில் வந்தது. வங்கியின் சட்டத்தரணி அனுப்பியிருந்தார். றஸாக்கின் ஐஸ் பெக்டரி வாங்கிய வியாபாரக் கடனுக்கு நீர் பிணையாளி. கடனாளி கட்டத் தவறிவிட்டார். நிலுவை இருபத்தேழு லட்சம் ரூபாய். பதினான்கு நாட்களுக்குள் கட்டாவிட்டால் உம்மேல் வழக்கு.

நளீம் அதை மேசைக்குக் கீழே வைத்து மூன்று தரம் வாசித்தார். பக்கத்து மேசையில் இருந்த ஸப்னா, "என்ன சேர், முகமெல்லாம் வேர்த்திரிக்கி?" என்றாள். "பிரஷர்" என்றார்.

அவர் நெஞ்சில் முதலில் வந்தது வங்கியும் அல்ல, றஸாக்கும் அல்ல. கல்முனைக்குடியில் பாதி பூசியும் பூசாமலும் நிற்கிற அந்த வீடு. மகள் அஸ்பியாவுக்குச் சம்பந்தம் பேசியாகிவிட்டது. நிக்காஹுக்கு முன்னால் வீட்டை மகள் பேருக்கு உறுதிப் பத்திரம் முடித்துக் கொடுக்க வேண்டும். இந்தக் கரையில் பெண்ணைப் பெற்றவனுக்கு அதுதான் கணக்கு. வீடு நிற்கிற அந்த வளவு அவர் பேரில் இருக்கிறது. அவர் பேரில் உள்ள ஒரே சொத்தும் அதுதான். குடியிருக்கும் வீடு மனைவி சபூறாவின் சீதனம்.

றஸாக்குக்குப் பிணை நின்றது ஐந்து வருஷத்துக்கு முன்னால். இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு, ஒரே வாங்கு. சாய்ந்தமருதுக் கடற்கரையில் மீன்காரருக்கு ஐஸ் அடிக்கிற பெக்டரி ஒன்றை றஸாக் போட்டான். வங்கி, கட்டக் கட்டத் திரும்ப எடுக்கிற மாதிரி ஒரு கடன் வசதி கொடுத்தது. பிணைக்கு இரண்டு பேர் கேட்டது, ஒருவராவது அரசாங்க உத்தியோகமாக இருக்கவேண்டும் என்றது. "மச்சான், உன்னவிட்டா எனக்கு ஆரு இரிக்கா?" என்றான் றஸாக். அந்த ஒரு கேள்விக்கு நளீம் விழுந்தார். இரண்டாவது பிணையாளி சாமித்தம்பி. காரைதீவில் இருக்கிற பழைய நீர்ப்பாசன ஓவசியர். அவருடைய மகன் றஸாக்கோடு மீன் லொறி ஓட்டியதால் வந்து கையெழுத்துப் போட்டார்.

மூன்று வருஷம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு சபூறாதான் ஆரம்பித்தாள். மகளுக்குச் சம்பந்தம் வருகிற வயது, வட்டிக் கடனில் நமது பெயர் எதற்கு, முதலில் அதிலிருந்து கழன்றுவிட்டு வாருங்கள் என்றாள். விடிந்தால் அதே பேச்சு. நளீமும் கழல நினைத்தார். அலுவலகக் கணினியிலேயே அழகாகக் கடிதம் அடித்தார்: 'இத்திகதிக்குப் பின் வழங்கப்படும் எந்தக் கடனுக்கும் நான் பிணையாளியாக இருக்க விரும்பவில்லை.' வங்கி முகாமையாளருக்கு என்று விலாசம் போட்டார். வங்கி அவருடைய அலுவலகத்திலிருந்து நடந்தால் ஐந்து நிமிஷம்.

ஆனால் அவர் நடக்கவில்லை. கூட்டாளியின் முதுகுக்குப் பின்னால் வங்கிக்குக் கடிதம் கொடுத்தால் ஊர் என்ன சொல்லும்? மெனேஜரும் ஊர்ப்பிள்ளை, வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் றஸாக்கைக் காண்பார். 'உங்கட கூட்டாளியே உங்கள நம்பல்ல' என்று அவர் ஒரு சொல் சொன்னால் றஸாக்கின் முகம் என்னாவது? ஆகவே கடிதத்தை றஸாக்கிடமே கொடுத்தார். "நீயே கொண்டுபோய்க் குடு மச்சான். உனக்கும் மரியாத, எனக்கும் மரியாத." றஸாக் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "ஓம் மச்சான், நாளைக்கே குடுக்கன்" என்றான்.

நளீம் வீட்டுக்குப் போய், "பிணையில இருந்து விலகிட்டன்" என்றார். சபூறா அல்ஹம்துலில்லாஹ் சொன்னாள். அந்தச் சொல்லை நம்பித்தான் மாப்பிள்ளை வீட்டாருக்கு வீட்டை வாக்குக் கொடுத்தாள்.

சட்டத்தரணி றாஹிலாவின் அறை நீதிமன்ற வீதியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடைக்கு மேலே. வயது முப்பத்தைந்துதான் இருக்கும். ஆனால் கண்ணாடிக்கு மேலால் பார்க்கிற பார்வையில் நளீமுக்குத் தன் முதல் கல்விப் பணிப்பாளரின் ஞாபகம் வந்தது. கோரிக்கைக் கடிதத்தையும், நளீம் வீட்டு அலுமாரியில் தேடிப்பிடித்த பிணைப் பத்திரத்தின் பிரதியையும் அவள் விரல் வைத்து வாசித்தாள்.

"முதலாவது, இருபத்தேழு லட்சம் கேக்கிறது பிழை" என்றாள். "இஞ்ச பாருங்க காக்கா, உச்சத்தொகை பதினஞ்சு லட்சம் எண்டு போட்டிரிக்கி. உங்களுக்கிட்ட அதுக்கு மேல கேக்க ஏலா. கேட்ட திகதியில இருந்து அந்தப் பதினஞ்சுக்கு வட்டி மட்டும் வரும்."

நளீமுக்கு மூச்சு வந்தது. "முதல்ல றஸாக்கிட்ட எடுங்க, அவன்ட மெஷின வித்து எடுங்க, மிச்சத்துக்கு என்னட்ட வாங்க எண்டு சொல்லேலாதா மிஸ்?"

"பொதுச் சட்டத்தில பிணையாளிக்கு அந்த உரிம இரிக்கி. ஆனா பத்திரத்தில பத்தாவது பந்தியில அத வேணாம் எண்டு நீங்களே கையெழுத்து வெச்சிரிக்கீங்க. வாசிக்கல்லியா?"

முப்பத்தொரு வருஷக் கிளாக் பத்தாவது பந்தியை இப்போதுதான் முதல்முறையாக வாசித்தார்.

"நான் ரண்டு வருஷத்துக்கு முன்னயே விலகிட்டன் மிஸ்" என்றார் பிறகு. "எழுத்துல குடுத்தன்."

றாஹிலா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப நல்லது. பன்னிரண்டாம் பந்தி. மூண்டு மாத அறிவித்தல எழுத்துல குடுத்து எப்பயும் விலகலாம். மூண்டு மாசம் முடியிற நாளில என்ன நிலுவையோ அதுக்கு மட்டுந்தான் நீங்க பொறுப்பு. அதுக்குப் பின்னால எடுத்த கடன் உங்கட தலையில ஏறாது. அப்ப நிலுவை எவ்வளவு?"

"நாலு லட்சம் போல."

"ஆரிட்ட குடுத்தீங்க?"

"றஸாக்கிட்ட."

"வங்கியில ஆரிட்ட எண்டு கேக்கன்."

"றஸாக்கிட்டதான் குடுத்தன், வங்கிக்குக் குடு எண்டு."

"கைப்பற்றினதுக்கு வங்கி வெச்ச ஒப்பம், பதிவுத்தபால் துண்டு, ஒண்டும் இல்லியா?" என்றாள் றாஹிலா. இல்லை. "ரண்டு வருஷத்தில ஒரு நாளாவது வங்கிக்குப் போய்க் கேட்டீங்களா?"

அதுவும் இல்லை. ஏன் கேட்கவில்லை என்று அவருக்கு அந்த நிமிஷத்தில்தான் விளங்கியது. கேட்டால் என்ன பதில் வரும் என்று உள்ளுக்குள் தெரிந்திருந்தது. தெரிந்தே கேட்காமல் இருந்திருக்கிறார்.

"மகளுக்கு வீட்ட இந்தக் கிழமையே எழுதிட்டா?" என்று மெல்லக் கேட்டார்.

"வேணாம். கோரிக்கை வந்த பிறகு எழுதினா, கடன் குடுத்தவன ஏய்க்க எழுதின உறுதி எண்டு வங்கி வழக்குப் போட்டு அத உடைக்கலாம். மாப்பிள்ள வீட்டாக்களையும் கோட்டுக்கு இழுக்க வேண்டி வரும். விருப்பமா?"

அடுத்த நாள் இருவரும் வங்கிக்குப் போனார்கள். பழைய மெனேஜர் மௌத்தாகி, அவரை அடக்கி ஒரு வருஷம். புது மெனேஜர் பர்ஸான் மரியாதையான பிள்ளை; கடன் கோவையை அவர்கள் முன்னாலேயே திறந்தார். நளீமின் கடிதம் எங்கேயும் இல்லை. ஆனால் வேறொரு கடிதம் இருந்தது. நீலப் பேனாவில், கொஞ்சம் கோணலான எழுத்தில், சாமித்தம்பி எழுதியது. நளீம் தன் கடிதத்தைக் கொடுத்த அதே மாதம். பதிவுத்தபாலில் வந்து, வங்கியின் திகதி முத்திரை குத்தப்பட்டு, கோவையில் சமத்தாக உட்கார்ந்திருந்தது.

"இவர்ட அறிவித்தல் கிடைச்சதும் மூண்டு மாதத்தில பழைய கணக்க நிப்பாட்டி, புதுக் கணக்குத் திறந்திரிக்காங்க" என்றார் பர்ஸான். "பழையதில நாலு லட்சத்துப் பத்தாயிரம் நிண்டிரிக்கி. றஸாக் ஹாஜியார் மீன் சீசன்ல அதக் கட்டி முடிச்சிட்டார். அதோட சாமித்தம்பி ஐயாவுக்கு விடுவிப்புக் கடிதம் குடுத்தாச்சு."

"மத்தப் பிணையாளிய விட்டா என்ட பொறுப்பும் போகணுமே!" நளீமுக்கு எங்கேயோ கேள்விப்பட்ட சட்டம் வாயில் வந்தது.

பதிலை றாஹிலாதான் சொன்னாள். "பத்திரத்தில அதுக்கும் பூட்டுப் போட்டிரிக்காங்க காக்கா. இன்னொரு பிணையாளிய விட்டாலும், கடனாளிக்குத் தவணை குடுத்தாலும் உங்கட பொறுப்புக் குறையாது எண்டு நீங்க ஒத்துக்கொண்டிரிக்கீங்க. இல்லாட்டி அது நல்ல வாதம்." பிறகு பர்ஸான் பக்கம் திரும்பி உச்சத்தொகையைக் காட்டினாள். அவர் வாசித்துப் பார்த்து, இருபத்தேழு என்று கேட்டது தவறுதான், திருத்திய கடிதம் வரும் என்றார்.

புதுக் கணக்கில் ஏறியதெல்லாம், நாடே எரிபொருளுக்கு வரிசையில் நின்ற அந்தக் கேடுகெட்ட வருஷத்துக் கடன். மண்ணெண்ணெய் இல்லாமல் தோணிகள் கரையிலேயே கிடந்தன. ஐஸ் வாங்க ஆளில்லை. கரண்ட் பில் மட்டும் தவறாமல் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சாமித்தம்பி கடிதம் அனுப்பிய செய்தி தெரிந்தபோது, "அந்தாளுக்கு நெஞ்சில ஈரமே இல்ல" என்று றஸாக் சொன்னான். "ஓம் மச்சான், மனிசத்தனம் இல்லாத ஆள்" என்று நளீமும் ஒத்து ஊதியிருந்தார். இப்போது அந்த மனிதர் காரைதீவில் காலை நீட்டிப் படுத்துத் தூங்குகிறார்.

ஐஸ் பெக்டரியில் மெஷின் ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. நளீம் உள்ளே போய், நின்ற நிலையிலேயே கேட்டார்: "நான் தந்த கடிதம் எங்க?"

றஸாக் ஒளிக்கவில்லை. லாச்சியை இழுத்து, பில்களுக்கு அடியிலிருந்து உறையை எடுத்து மேசையில் வைத்தான். ஒட்டின உறை ஒட்டினபடியே இருந்தது.

"குடுக்கத்தான் போனன் மச்சான். வாசல் வரைக்கும் போனன். சாமித்தம்பியும் குடுத்திட்டான். நீயும் விலகிட்டாய் எண்டு தெரிஞ்சா, புதுக் கணக்குத் திறந்திருப்பாங்களா? அண்டைக்கே என்ன மூடியிருப்பாங்க. நாலு குடும்பம் இதில சாப்பிடுது."

"என்ட குடும்பம்?"

"உனக்கு ஒண்டும் வராது எண்டு நெனச்சன். வல்லாஹி, வந்தா நான் பாப்பன் எண்டு நெனச்சன்." கொஞ்சம் யோசித்து, குரலைத் தாழ்த்தினான். "ஒரு வழி இரிக்கி. நான் சத்தியக்கடதாசி தாறன். கடிதத்தப் பழைய மெனேஜர்ட கையிலயே குடுத்தன் எண்டு. அவர் மௌத்தாகிட்டார். ஆரு வந்து இல்லெண்டு சொல்லப் போறா? நீ நாலு லட்சத்தோட தப்பிருவாய். அதுவும் கட்டி முடிஞ்ச கணக்கு."

நளீம் திட்டத்தான் வாயைத் திறந்தார். ஆனால் திட்டு வரவில்லை. மனம் கள்ளத்தனமாகக் கணக்குப் போட்டது. கடிதம் எழுதியது உண்மை. திகதி உண்மை. கொடுக்கச் சொன்னதும் உண்மை. நடுவில் ஒரேயொரு பொய். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பொய்யைத் தடவிக்கொண்டே வந்தார்.

சபூறா குசினியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நளீம் எல்லாவற்றையும் சொன்னார். கோரிக்கையை, பதினைந்து லட்சத்தை, கடைசியாக றஸாக் சொன்ன வழியை. அவள் சுளகைக் கீழே வைத்தாள். வழியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அப்ப நீங்க கடிதத்த வங்கிக்குக் குடுக்கல்லியா?"

"றஸாக்கிட்ட..."

"விலகிட்டன் எண்டு எனக்கிட்ட சொன்னீங்க. நான் அதச் சொல்லித்தான் மாப்பிள்ளட உம்மாக்கு வாக்குக் குடுத்தன். ரண்டு வருஷமா என்னயும் ஏமாத்தியிரிக்கீங்க."

"ஏமாத்தல்ல சபூறா. அவன்ட முகத்துக்காக..."

"அவன்ட முகம் பெரிசு. என்ட முகம்? அஸ்பியாட முகம்?" அவள் சத்தம் போடவில்லை, சத்தம் போட்டிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "இப்ப அந்த மௌத்தான மனிசன்ட தலையில பழியப் போட்டு வீட்ட மீட்டுத் தரப் போறீங்களா? அந்த வீட்டில என்ட புள்ள வாழணுமா? வேணாம்."

மூன்று நாள் அவள் அவரோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் சம்மாந்துறைக்குப் போய்த் தன் கூடப்பிறந்த காக்காவைக் கண்டு, தாய்வழியில் தனக்கு வந்த ஒன்றரை ஏக்கர் வயலுக்கு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தாள். வீட்டுச் சோறு வருஷம் முழுவதும் அந்த வயலிலிருந்துதான். பெரும்போகம் வெட்டுவதற்கு முன்னால், நெல் நின்ற நிலையிலேயே, அவசரத்துக்கு விற்றால் கிடைக்கிற விலைக்கு விற்றாள். வாங்கியவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பதினைந்து லட்சமும் இரண்டு மாத வட்டியும் கட்டிய அன்று, றாஹிலா கேட்டு வாங்கிய விடுவிப்புக் கடிதத்தை பர்ஸான் கையெழுத்திட்டுத் தந்தார். இனி இந்தக் கடனில் நளீமுக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. ஏப்ரலில் வீட்டை அஸ்பியா பேருக்கு உறுதி முடித்தார்கள். நிக்காஹும் நடந்தது. ஊர் அழைப்பில் றஸாக்கும் வந்தான். ஆட்கள் சுற்றியிருந்து ஒன்றாக உண்ணும் சகன் தட்டுகளை வைக்கும்போது ஓடியாடிச் சோறு பரிமாறினான். சபூறா வெளியே வரவே இல்லை.

கலியாணம் முடிந்த மறுநாள் அவள் கேட்டாள். "கட்டின சல்லியத் திருப்பிக் கேக்க ஏலுமெண்டு லோயர் மிஸ் சொன்னாவே?"

ஏலும். பிணையாளி கட்டினால், கட்டியதைக் கடனாளியிடம் கேட்க உரிமை உண்டு. அதற்கு எந்தப் பத்திரமும் தடை இல்லை. வங்கிக்கு ஈடாக இருக்கிற ஐஸ் மெஷினில் மட்டும் உடனே கை வைக்க முடியாது. வங்கி தன் மிச்சப் பன்னிரண்டு லட்சத்தை முழுக்க எடுத்த பிறகுதான் அந்த ஈட்டில் நளீமின் முறை வரும். அதற்குள் அந்தத் துருப்பிடித்த மெஷினில் என்ன மிஞ்சும் என்று கேட்டால் றாஹிலாவே உதட்டைப் பிதுக்குகிறாள். இருந்தாலும் றஸாக்கின் மேல் நேராக வழக்குப் போடலாம்.

"அப்ப போடுங்க" என்றாள் சபூறா. "என்ட வயல் போன சல்லி. உரிம மட்டும் உங்கட பேரில இரிக்கி. இந்த ஒண்டையாவது ஒழுங்காச் செய்யுங்க."

றாஹிலா நோட்டீஸ் அனுப்பினாள். பதினான்கு நாள் தவணை.

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு றஸாக் அலுவலகத்துக்கே வந்துவிட்டான். ஆசிரியைகள் வரிசையில் நின்றார்கள். ஸப்னா பக்கத்து மேசையில் இருந்தாள். றஸாக் நோட்டீஸை நளீமின் முன்னால் வைத்தான். கண் கலங்கியிருந்தது, நடிப்பில்லை, உண்மையாகவே கலங்கியிருந்தது.

"என்ன மச்சான் இது? உன்ட மகள்ட கலியாணத்தில நான் சோறு போட்டன். கை காயல்ல. அதுக்குள்ள லோயர வெச்சு எனக்கு நோட்டீஸா? நாப்பது வருஷக் கூட்டாளிடா நான். என்ட பொஞ்சாதி நேத்தையில இருந்து சாப்பிடல்ல."

வரிசை முழுவதும் நளீமைப் பார்த்தது. ஒரு ஆசிரியை 'ச்சே' என்று உதட்டுக்குள் சொன்னது அவர் காதில் விழுந்தது. நளீமுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. லாச்சிக்குள் ஒட்டினபடி கிடந்த உறை, சம்மாந்துறை வயல், இப்போது மில்லில் கிலோக் கணக்கில் வாங்குகிற அரிசி, ஒரே வீட்டில் இரண்டு சொல்லுக்கு மேல் பேசாத மனைவி. அதற்கு முன்னால் வெட்கம் வந்துவிட்டது. நாலு பேருக்கு முன்னால் கூட்டாளியை அழவைத்துவிட்ட வெட்கம்.

"மன்னிச்சிக்க மச்சான்" என்றார்.

சொன்னதைத் தன் காதாலேயே கேட்டபோது அவருக்கு உடம்பு கூசியது. றஸாக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பரவால்ல, உட்டுடு" என்று பெருந்தன்மையாக அவர் தோளைத் தட்டிவிட்டு, நோட்டீஸை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனான்.

பகல் சாப்பாட்டு நேரத்தில் சபூறா டெலிபோன் எடுத்தாள். "நோட்டீஸுக்கு ஏதும் மறுமொழி வந்ததா?"

"றஸாக் வந்தான்."

"என்ன சொன்னான்? மன்னிப்பாவது கேட்டானா?"

நளீம் மேசையில் கிடந்த நோட்டீஸை நாலாக மடித்தார்.

"ஓம்" என்றார். "மன்னிப்புக் கேட்டாச்சு."